'கடலை' என்று மட்டும் எழுதாதீர்கள்

கேள்வி: என் 4 வயது மகனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது என் மாமியார். அவர் யாழ்ப்பாணம், நான் விழுப்புரம் பக்கம், இருப்பது சென்னையில். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பாக்கெட் தீனிகளின் பின்பக்கம் இருப்பதைத் தமிழில் எழுதி ஒட்டலாம் என்று நினைக்கிறேன். பீநட் என்பதற்குக் 'கடலை' என்று போட்டால் போதுமா? நட்ஸ், மே கன்டெய்ன் என்பதையெல்லாம் எப்படி எழுதுவது?

பதில்:

போதாது. உங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லை மட்டும் தனியாக எழுதவே கூடாது. விழுப்புரம், கடலூர் பக்கம் நிலத்தடியில் காய்க்கும் அந்தப் பயிருக்கு மணிலா என்றும் மல்லாட்டை என்றும் பெயர். மதுரைப் பக்கம் 'கடலை வறுத்துக் கொடு' என்றாலும் அதுதான். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கச்சான் என்று பெயர். அங்கே கடலை என்றால் கொண்டைக்கடலை, கோயில் திருவிழாவில் அவித்துத் தாளித்து விற்பார்களே, அது. ஆக நீங்கள் 'கடலை உண்டு' என்று ஒட்டிய பாக்கெட்டை உங்கள் மாமியார் கொண்டைக்கடலை உண்டு என்று வாசிப்பார். பேரனுக்குக் கொண்டைக்கடலை ஒன்றும் செய்யாது என்பது அவருக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் மீது பிழை சொல்லவும் முடியாது.

இதன் மறுபக்கத்திலும் ஆபத்து இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கடலை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்த வீட்டில் கடலை மாவு, கடலைப் பருப்பு, பொட்டுக்கடலை எல்லாமே தடைக்குள் வந்துவிடும். இவை மூன்றும் கொண்டைக்கடலையிலிருந்து வருபவை, வேர்க்கடலை வேறு செடி. பையன் ஒருநாள் பக்கத்து வீட்டில் பஜ்ஜி தின்றுவிடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. உடனே 'கடலை மாவே சாப்பிட்டான், நன்றாகத்தானே இருக்கிறான், டாக்டர் சும்மா பயமுறுத்துகிறார்' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த முறை உண்மையான வேர்க்கடலை வரும்போது பிடி தளர்ந்திருக்கும். தேவையில்லாத எச்சரிக்கை தேவையான எச்சரிக்கையைக் கொன்றுவிடுகிறது. (வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலையும் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. உங்கள் மகனுக்கு அது உண்டா என்று அலர்ஜி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொண்டு பட்டியல் எழுத உட்காருங்கள்.)

எனவே மொழிபெயர்ப்புக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. ஒரு தட்டில் நான்கு சாமானைத் தனித்தனியாக வையுங்கள்: தோலுடன் வேர்க்கடலை, கொண்டைக்கடலை, கடலைப் பருப்பு, பொட்டுக்கடலை. ஒவ்வொன்றையும் காட்டி 'இதுக்கு உங்கட ஊரில என்ன பேர், மாமி?' என்று கேளுங்கள். நீங்கள் முதலில் பெயர் சொல்லாதீர்கள். சொன்னால் 'ஓம், அதுதான்' என்று தலையாட்டிவிடுவார். அவர் வாயிலிருந்து வரும் பெயரை அப்படியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலைக்குக் கச்சான் என்றுதான் சொல்வார். பொட்டுக்கடலை அவருக்குப் பழக்கமில்லாத சாமானாகக்கூட இருக்கலாம். அப்படியானால் 'வறுத்து உடைத்த கடலை, கச்சான் இல்லை' என்று விளக்கம் சேர்க்க வேண்டியதுதான். பிறகு முந்திரி, பாதாம், உலர்திராட்சை மூன்றையும் வைத்து இதையே செய்யுங்கள். யாழ்ப்பாண வழக்கில் முந்திரிகை என்றால் திராட்சை, முந்திரிகை வற்றல் என்றால் உலர்திராட்சை. நாம் முந்திரி என்பதை அங்கே கஜு என்றோ மரமுந்திரிகை என்றோ சொல்வார்கள். 'முந்திரி கலந்தது' என்று நீங்கள் எழுதினால் அவர் கண்ணில் உலர்திராட்சை தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

இனி உங்கள் சீட்டுகளில் வேர்க்கடலைக்கு ஒரே பெயர்: 'கச்சான் (வேர்க்கடலை)'. எல்லாச் சீட்டிலும் இதே எழுத்து, இதே வரிசை. ஒன்றில் நிலக்கடலை, இன்னொன்றில் மணிலா என்று மாற்றி மாற்றி எழுதினால் கட்டுரைக்கு அழகு, சீட்டுக்கு நஞ்சு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர் உங்களுக்கும், அவசரத்தில் சீட்டைப் பார்க்கும் பக்கத்து வீட்டாருக்கும்.

அடுத்தது பாக்கெட்டின் மொழி. இந்தியாவில் லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தமிழ் சேர்ப்பது கம்பெனியின் விருப்பம். இந்த இரண்டு மொழியிலும் வழுக்குப்பாறைகள் உண்டு. ஆங்கிலத்தில் பீநட் என்றும் கிரவுண்ட்நட் என்றும் இரு பெயர், இரண்டும் ஒன்றே. மருந்திலும் களிம்பிலும் அராகிஸ் ஆயில் என்று வந்தால் அதுவும் வேர்க்கடலை எண்ணெய்தான். கிராம் ஃப்ளவர் என்பது கடலை மாவு. இந்த கிராம் எடையைக் குறிப்பதல்ல. தானியம் என்ற பொருள் கொண்ட போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்து இந்திய ஆங்கிலத்தில் பயறு வகைகளுக்கு நின்றுவிட்ட பெயர். அதனால்தான் பெங்கால் கிராம் கடலை, கிரீன் கிராம் பாசிப்பயறு, பிளாக் கிராம் உளுந்து, ஹார்ஸ் கிராம் கொள்ளு என்று முன்னால் வரும் சொல்லுக்கேற்ப ஆள் மாறுகிறது. கிராம் என்பதற்கு எங்குமே 'கடலை' என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

இந்திதான் இன்னும் மோசம். மூங் என்றால் பாசிப்பயறு, மூங்ஃபலி என்றால் வேர்க்கடலை. மூங் தால் என்று பொரித்த பாசிப்பருப்பு பாக்கெட் எல்லாக் கடையிலும் தொங்குகிறது. பக்கத்திலேயே மூங்ஃபலி பாக்கெட்டும் தொங்கும். பாதிச் சொல்லைப் படித்துவிட்டு எடுக்கிறவர் உண்டு. குஜராத்திப் பலகாரப் பாக்கெட்டில் சிங், சிங்தானா என்று பார்த்தால் அது வேர்க்கடலை. சிங் புஜியா என்பது கடலை மாவு பூசிப் பொரித்த வேர்க்கடலை, முழுப் பெயரிலும் பீநட் என்ற சத்தமே இல்லை. வடநாட்டுப் பலகாரத்தின் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நட்ஸ் விஷயத்துக்கு வருவோம். இதற்குப் 'பருப்பு வகைகள்' என்று எழுதுவதைத்தான் நான் மிக ஆபத்தான மொழிபெயர்ப்பு என்பேன். முந்திரிப் பருப்பு, பாதாம் பருப்பு என்று நாம் சொல்வதால் அகராதிக்காரருக்கு அது சரியாகத் தோன்றுகிறது. ஆனால் பருப்பு என்ற சொல் தனியாக நின்றால் சமையலறையில் துவரம் பருப்பும் மைசூர்ப் பருப்பும்தான் நினைவுக்கு வரும், வேர்க்கடலை வரவே வராது. கொட்டை என்றாலோ புளியங்கொட்டை, பலாக்கொட்டை வரை போகும். மரக்கொட்டை என்று புதிதாக ஒரு சொல்லைச் சிலர் செய்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் பேசாத சொல் அது, சீட்டில் அதற்கு வேலையில்லை.

லேபிளில் ட்ரீ நட்ஸ் என்று இருந்தால் அது மரத்தில் காய்ப்பவை: முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட் போன்றவை. சீட்டில் இந்தப் பெயர்களையே எழுதிவிடுங்கள், கஜுவையும் சேர்த்து. வேர்க்கடலை இதில் அடங்காது. ஆனால் வெறும் நட்ஸ் என்று மட்டும் இருந்தால் நீங்கள் சுருக்கவும் முடியாது, விரிக்கவும் முடியாது. அலர்ஜி உண்டாக்கும் பொருள்களைத் தனியாக அறிவிக்கச் சொல்லும் இந்திய லேபிள் விதிகளிலேயே (2020) வேர்க்கடலையும் மர நட்ஸ்களும் அவற்றிலிருந்து செய்யும் பொருள்களும் ஒரே வரியில் சேர்ந்துதான் வருகின்றன. எனவே நட்ஸ் என்று மொட்டையாக எழுதிய கம்பெனி எதை மனதில் வைத்து எழுதியது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சீட்டில் இப்படி எழுதுங்கள்: 'நட்ஸ் என்று போட்டிருக்கிறது, எது என்று சொல்லவில்லை. கச்சானாகவும் இருக்கலாம். கொடுக்க வேண்டாம்.' பாக்கெட்டில் இருக்கும் நுகர்வோர் எண்ணுக்குப் பேசித் தெளிவு கிடைத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நட் என்று முடிவதெல்லாம் இதில் சேராது என்பதையும் கவனியுங்கள். நட்மெக் என்பது ஜாதிக்காய். கோகோநட் தேங்காய். இரண்டையும் நட்ஸ் கணக்கில் சேர்த்துப் பயமுறுத்த வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர் கையைக் கட்ட வேண்டிய இடம் இதுதான். லேபிள் குறுக்கிச் சொன்னதைக் குறுக்கியே எழுத வேண்டும், பரந்து சொன்னதைப் பரப்பியே எழுத வேண்டும், மழுப்பியதை மழுப்பியது என்றே எழுத வேண்டும். 'எடிபிள் வெஜிடபிள் ஆயில்' என்று மட்டும் இருந்தால் 'பாமாயில்' என்று நீங்களாக ஊகிக்கக் கூடாது. 'சமையல் எண்ணெய், எது என்று சொல்லவில்லை' என்பதுதான் சரியான மொழிபெயர்ப்பு. 'ஸ்பைசஸ் அண்ட் காண்டிமென்ட்ஸ்' என்பதை மிளகு, சீரகம், கிராம்பு என்று அழகாக விரித்தால், இல்லாத உறுதியை நீங்கள் உண்டாக்கிக் கொடுத்தவர் ஆவீர்கள்.

மே கன்டெய்ன் என்பதில் சிக்கல் வேறு மாதிரி. நேராக எழுதினால் 'கச்சான் இருக்கலாம்'. இதில் தவறில்லை, ஆனால் நம் காதுக்கு லாம் என்ற முடிவு மெத்தென்று விழுகிறது. 'மழை வரலாம்' என்றால் குடை எடுக்கிறவர் பாதிப்பேர்தான். மே கன்டெய்ன் ட்ரேசஸ் என்பதைச் 'சிறிதளவு இருக்கலாம்' என்று எழுதினால் இன்னும் லேசாகிவிடும். உப்பு சிறிதளவு, காரம் சிறிதளவு போலத்தான் கேட்கும். கம்பெனி சொல்ல வருவது வேறு: இந்தப் பொருளில் வேர்க்கடலை சேர்க்கவில்லை, ஆனால் அதே இயந்திரத்திலோ அதே கூடத்திலோ வேர்க்கடலை ஓடுகிறது, எந்தப் பாக்கெட்டில் துகள் விழுந்தது என்று எங்களுக்கே தெரியாது. ஒரு பாக்கெட்டில் ஒன்றும் இருக்காது, அடுத்ததில் ஒரு முழு வேர்க்கடலையே கிடக்கும். முந்தின பாக்கெட் ஒன்றும் செய்யவில்லை என்பது இந்தப் பாக்கெட்டுக்குச் சாட்சியாகாததும் அதனால்தான். சீட்டில் 'கச்சான் தூள் கலந்திருக்கக்கூடும், எந்தப் பாக்கெட்டில் என்று தெரியாது' என்று எழுதி, கீழே 'கொடுக்க வேண்டாம்' என்று முடிவையும் எழுதிவிடுங்கள். இந்த வகைப் பாக்கெட்டுகளை முற்றிலும் தவிர்ப்பதா என்பதை மருத்துவரிடம் ஒருமுறை பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்த முடிவை ஒவ்வொரு மாலையும் மாமியார் தலையில் வைக்காதீர்கள்.

மே கன்டெய்ன் வரி இல்லாத பாக்கெட் சுத்தமானது என்றும் பொருள் இல்லை. நம் விதியில் சேர்க்கப்பட்ட பொருளை அறிவிப்பது கட்டாயம், தற்செயலாகக் கலப்பதை அறிவிப்பது கம்பெனியின் விருப்பம். இன்னொரு ஓட்டையும் உண்டு: இந்தப் பொருள்களிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்குத் தனி அலர்ஜி அறிவிப்பு தேவையில்லை. ஆகவே வேர்க்கடலை எண்ணெயில் பொரித்த பலகாரத்தில் கன்டெய்ன்ஸ் என்ற கட்டத்துக்குள் வேர்க்கடலையின் பெயரே இல்லாமல் போகலாம். மேலே நீளமாக ஓடும் பட்டியலில்தான் அகப்படும். கட்டத்தை மட்டும் மொழிபெயர்ப்பது பலர் செய்யும் தவறு. ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அலர்ஜிக்குக் காரணமான புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கும். பாக்கெட்டில் வெறும் கிரவுண்ட்நட் ஆயில் என்று இருந்தால் எந்த வகை என்று தெரியாது.

இப்போது ஒரு பாக்கெட்டை எடுத்துச் செய்து பார்ப்போம். கடையில் விற்கும் காராபூந்தி ஒன்றின் பின்பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: கிராம் ஃப்ளவர், எடிபிள் வெஜிடபிள் ஆயில் (பாமோலின் அல்லது கிரவுண்ட்நட் ஆயில்), ரைஸ் ஃப்ளவர், ரோஸ்டட் கிராம், சால்ட், சில்லி பவுடர், கறி லீவ்ஸ், காம்பவுண்டட் அசஃபோட்டிடா, ஸ்பைசஸ். கீழே சின்ன எழுத்தில்: கன்டெய்ன்ஸ் வீட். மே கன்டெய்ன் பீநட், ட்ரீ நட்ஸ், மில்க்.

அவசர மொழிபெயர்ப்பு எப்படி வரும்? 'கடலை மாவு, சமையல் எண்ணெய், அரிசி மாவு, வறுத்த கடலை, உப்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, பெருங்காயம், மசாலா. கோதுமை உண்டு. கடலை, பருப்பு வகைகள், பால் இருக்கலாம்.' ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி ஆதரவு உண்டு, ஆனால் ஒரு சீட்டில் கடலை மூன்று முறை வந்து இரண்டு செடிகளைக் குறிக்கிறது. 'வறுத்த கடலை' என்பதை நம் ஊரில் பாதிப்பேர் வேர்க்கடலை என்றே வாசிப்பார்கள். உண்மையில் அது பொட்டுக்கடலை. வேர்க்கடலை நிஜமாக இருக்கக்கூடிய இரண்டு இடங்களில் ஒன்று, எண்ணெய், அடைப்புக்குறியோடு காணாமலே போய்விட்டது. மற்றது கடைசி வரியில் வெறும் 'கடலை'யாக, மாமியாருக்குக் கொண்டைக்கடலையாக, உட்கார்ந்திருக்கிறது. பெருங்காயம் கூட முழுசாக வரவில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு சேர்ப்பார்கள், பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கீழே கோதுமை என்று போட்டிருப்பது அதனால்தான். உங்கள் மகனுக்கு அதில் சிக்கல் இல்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத வீட்டில் இந்தப் பாக்கெட்டின் பொறி அதுதான்.

சரியான சீட்டு இப்படி இருக்கும்:

காராபூந்தி. கொடுக்க வேண்டாம்.
காரணம் 1: கச்சான் (வேர்க்கடலை) எண்ணெயில் பொரித்திருக்கலாம். பாமாயிலா அதுவா என்று சொல்லவில்லை.
காரணம் 2: கச்சான் (வேர்க்கடலை) தூள் கலந்திருக்கக்கூடும் என்று கம்பெனியே போட்டிருக்கிறது.
பயப்பட வேண்டாதவை: கடலை மாவு, பொட்டுக்கடலை. இவை கச்சான் இல்லை.

முழுப் பட்டியலையும் மொழிபெயர்த்து ஒட்ட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். முழுதாகப் படித்து அலசுவது உங்கள் வேலை. சீட்டில் முடிவு முதலில், காரணம் பிறகு, குழப்பம் வரக்கூடிய சொல் ஏதாவது இருந்தால் அது கடைசியில். கொடுக்கலாம் என்ற பாக்கெட்டுக்கும் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாதது கொடுக்கக் கூடாதது என்று வீட்டில் ஒரே விதியாக வைத்துவிட்டால், நீங்கள் மறந்துபோன பாக்கெட்டும் தானாக ஒதுங்கிவிடும். அடுமனையில் எடை போட்டுக் கட்டிக் கொடுக்கும் சரக்கில் பட்டியலே இல்லை, மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. அது சீட்டில்லாத வரிசைதான்.

எழுதி முடித்ததும் சரிபார்ப்பு. மாமியாரிடம் சீட்டைக் கொடுத்து 'விளங்குதா?' என்று கேட்காதீர்கள். விளங்குது என்றுதான் சொல்வார். 'இதில என்ன இருக்கு, ஏன் குடுக்கக் கூடாது?' என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் கச்சான் என்ற சொல் வந்தால் சீட்டு வேலை செய்கிறது. 'கடலை இருக்காம்' என்றால் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள். 'கொஞ்சம் இருக்குமாம், பரவாயில்லையாம்' என்று வந்தால் மே கன்டெய்ன் வரியைக் கடுமையாக்குங்கள்.

சீட்டு ஒரு பாக்கெட்டுக்கு மட்டுமே செல்லும். ஒரே பெயர், ஒரே நிறம் என்றாலும் சின்னப் பாக்கெட் ஒரு ஆலையிலும் பெரிய பாக்கெட் இன்னொரு ஆலையிலும் தயாராகியிருக்கும், கடைசி வரி மாறியிருக்கும். எண்ணெய் விலை ஏறினால் எண்ணெயும் மாறும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பின்பக்கத்தைப் புதிதாகப் படித்து, சீட்டில் தேதியும் பேட்ச் எண்ணும் குறித்துவிடுங்கள். பழைய சீட்டைப் பெயர்த்துப் புதிய பாக்கெட்டில் ஒட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும் என்று தோன்றும். அதைச் செய்ய வேண்டாம்.

இவ்வளவு செய்தும் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு: டப்பா. பாக்கெட்டைப் பிரித்ததும் டப்பாவில் கொட்டி உறையைக் குப்பையில் போடுவது எல்லா வீட்டுப் பழக்கம். சீட்டும் அதோடு போய்விடும். உறையின் பின்பக்கத்தை வெட்டிச் சீட்டோடு சேர்த்து டப்பாவின் வெளியே ரப்பர் பேண்டில் சொருகிவையுங்கள். பையனுக்கான டப்பாவுக்கு மூடி நிறமே வேறாக இருக்கட்டும், கரண்டியும் அதற்கென்று தனியாக இருக்கட்டும். டப்பாவின் அடியில் பழைய காராசேவு ஒரு பிடி கிடக்க, மேலே புதிய பாக்கெட்டைக் கொட்டாதீர்கள். அந்தக் கலவைக்கு எந்தச் சீட்டும் பொருந்தாது. அடியில் கிடப்பதைப் பெரியவர்கள் தின்று முடித்து, டப்பாவைக் கழுவிக் காயவைத்த பிறகு அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கலாம்.